வியர்க்கும் பானை, உலரும் துணி: கோடைச் சரக்குக்கு விளம்பரம் எழுதும் முறை

மண்பானை விற்பவரும் பருத்தித் துணி விற்பவரும் கோடைக்கு விளம்பர அட்டை எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் முதலில் வந்து விழுவது ‘இயற்கையின் ஃபிரிட்ஜ்’ என்ற வாசகம். அடுத்தது ‘உடலுக்குக் குளிர்ச்சி’. இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜ் என்று படித்து வாங்கியவர் ஃபிரிட்ஜ் தண்ணீரைத்தான் எதிர்பார்ப்பார். இரண்டு நாளில் ஏமாந்துபோய்ப் பானையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவார், அடுத்த கோடையில் உங்கள் கடைப் பக்கம் வர மாட்டார். ‘உடலுக்குக் குளிர்ச்சி’ என்பதோ இளநீருக்கும் எழுதலாம், தலை எண்ணெய்க்கும் எழுதலாம். உங்கள் சரக்கைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

நீங்கள் விற்பது தண்ணீர் ஆவியாகும் வேலையை. பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியாகக் கசிந்து வெளிப்பக்கத்தை நனைக்கிறது, அங்கிருந்து காற்றில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிலிருந்தும் உள்ளே உள்ள தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பருத்திச் சட்டையிலும் நடப்பது இதுதான். வியர்வையைத் துணி உறிஞ்சுகிறது, துணியின் பரப்பிலிருந்து அது ஆவியாகிறது, அந்தச் சூடு உடம்பிலிருந்து போகிறது. காற்று உலர்ந்திருந்து கொஞ்சம் வீசவும் செய்தால் இரண்டும் நன்றாக வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் தடுமாறும். ஆகவே பானைக்கும் துணிக்கும் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும், வாங்குபவர் எந்த ஊரில், எந்த மாதிரி வீட்டில் இருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

எத்தனை டிகிரி குறையும்?

வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி இது. இதற்கு நேர்மையான பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 லிட்டர் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி குறைய 10,000 கலோரி வெளியேற வேண்டும். அப்படியானால் 10 லிட்டர் பானையிலிருந்து 100 மில்லி, அதாவது அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல் ஆவியானால், 58,000 கலோரி போய்விடும். அது முழுவதும் தண்ணீரிலிருந்தே எடுக்கப்பட்டால், தண்ணீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. சுற்றியுள்ள சூடான காற்றும் அதே நேரத்தில் பானைக்குள் சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். பானை குளிரக் குளிர இந்த ஏற்றமும் கூடும். போகிற சூடும் வருகிற சூடும் சமமாகும் இடத்தில் குளிர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் வைத்திருந்தாலும் தண்ணீர் மேலும் குளிராது.

அந்தக் கடைசி எல்லையை உங்கள் ஊரிலேயே நீங்கள் அளந்து பார்க்கலாம். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன் தொட்டிக்கு விற்பது போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது உடல் சூட்டை ஒட்டிய அளவை மட்டுமே காட்டும். தெர்மாமீட்டரின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, நிழலில் பிடித்து, பனையோலை விசிறியால் சில நிமிடம் விடாமல் வீசுங்கள். எண் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அன்றைக்கு அந்த இடத்தில், தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைக்கும் எதுவும் அதற்குக் கீழே போக முடியாது. பானைத் தண்ணீர் அதைவிடச் சில டிகிரி மேலேதான் நிற்கும்.

இந்த எல்லை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் பகல் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் 24 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதாவது காற்றைவிட 15 டிகிரிக்கு மேல் குறைவு. அதே நாளில் சென்னைக் கடற்கரைப் பக்கம் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அது 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்றைவிட ஐந்தரை டிகிரிதான் குறைவு, பானைத் தண்ணீருக்கு அதுவும் முழுதாகக் கிடைக்காது. வேலூர்க்காரர் வெயிலைவிட வெகுவாகக் குளிர்ந்த தண்ணீரைக் குடிப்பார். திருவான்மியூர்க்காரர் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் தண்ணீரைக் குடிப்பார். பானை ஒன்றுதான், குயவரும் ஒருவர்தான். விளம்பரம் மட்டும் இரண்டாக இருக்க வேண்டும்.

ஒரு துளித் தண்ணீர்

எழுதுவதற்கு முன் சரக்கைச் சோதியுங்கள். பானைக்கும் துணிக்கும் ஒரே சோதனைதான்.

உலர்ந்த பானையின் வெளிப்பக்கத்தில் விரல் நுனியால் ஒரு துளித் தண்ணீர் வையுங்கள். நல்ல பானையில் துளி அப்படியே உள்ளே இழுக்கப்படும். பளபளப்புப் போய், மண் கருத்து, சில நொடிகளில் ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். துளி முத்தாக நின்றாலோ வழிந்து ஓடினாலோ அந்தப் பானைக்கு ஏதோ பூசியிருக்கிறார்கள். எனாமல் பெயின்ட், வார்னிஷ், பாலிஷ் எதுவானாலும் துளைகளை அடைத்துவிடும். பூ வேலைப்பாடு வரைந்த அழகான பானைகளில் இது அதிகம் நடக்கிறது. கழுத்தில் மட்டும் வரைந்திருந்தால் பாதகமில்லை. வயிற்றுப் பகுதி முழுக்கப் பூசியிருந்தால் அதைத் தண்ணீர்ப் பானை என்று எழுதாதீர்கள், அலங்காரப் பானை என்று எழுதுங்கள். கறுப்புப் பானை விஷயத்திலும் இதைப் பாருங்கள். சூளையில் புகை மூட்டிக் கறுத்த பானை துளியை உறிஞ்சும். மேலே கறுப்பு அடித்தது உறிஞ்சாது.

அடுத்து விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை, நன்றாக வெந்திருக்கிறது. பொத்தென்று செத்த ஒலி வந்தால் மயிரிழை விரிசல் இருக்கலாம், அல்லது வேக்காடு போதாமல் இருக்கலாம். வேகாத பானையில் மண் கரைந்து தண்ணீரில் இறங்கும், ஒழுகவும் செய்யும். இதற்கு நேர் எதிர்க் குறையும் உண்டு. அளவுக்கு மேல் வெந்து இறுகிய பானை மிக அழகாக ஒலிக்கும், ஆனால் துளியை மெதுவாகத்தான் இழுக்கும். தட்டுவதை மட்டும் நம்பி வாங்குபவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். அதனால் இரண்டு சோதனையும் சேர்ந்தே நடக்கட்டும்.

துணியில் துளி சொல்வது வேறு செய்தி. புதுப் பருத்தித் துணியில் துளி நின்றால் உடனே அதைப் போலி என்று ஒதுக்காதீர்கள். நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும், முடிவில் பூசும் மென்மையாக்கியும் தண்ணீரைத் தடுக்கும். ஓர் ஓரத்தைச் சோப்புப் போட்டு அலசி, காயவிட்டு, மறுபடி துளி வையுங்கள். இப்போது உறிஞ்சினால், ‘முதல் துவைப்புக்குப் பிறகு வியர்வையை நன்றாக இழுக்கும்’ என்று அட்டையில் எழுதலாம். சுங்குடிச் சேலை வாங்கிய அன்றே கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர், ‘காட்டன்தானே, ஏன் இப்படிப் புழுங்குகிறது’ என்று கேட்கும் கேள்விக்கு இந்த ஒரு வரி முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

பருத்திதானா என்பதை அறிய நூல்தான் சாட்சி. ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி, தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான உருண்டையாக நிற்கும். இரண்டு நூலையும் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பாவில் ஒன்றும் ஊடையில் வேறொன்றும் போட்டு நெய்த துணி சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பருத்தியோடு பாலியஸ்டர் கலந்து நூற்ற நூலில் சாம்பலும் கெட்டி மணியும் சேர்ந்து வரும். அப்படி வந்தால் ‘காட்டன்’ என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. ‘பாலி காட்டன்’ என்றே எழுதுங்கள். அதற்கும் வாங்குபவர் இருக்கிறார்கள். சீக்கிரம் உலரும், கசங்காது என்று உண்மையான நல்ல குணங்களைச் சொல்லி விற்கலாம்.

வேலூர்க் கடை ஒன்றின் அட்டை

முன்பக்கம் பானை, உள்ளே துண்டும் வேட்டியும் சேலையும் வைத்திருக்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பானை 10 லிட்டர், சிவப்பு, குழாய் வைத்தது. தொங்கும் அட்டையில் இப்போது இருப்பது இதுதான்:

> இயற்கையின் ஃபிரிட்ஜ்! மின்சாரம் இல்லாமல் ஐஸ் போன்ற தண்ணீர். நோயை விரட்டும் மண்பானை.

மூன்று வாக்கியமும் பொய். இதே கடையில், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா வாய்வழியாகச் சொல்வதைக் கேளுங்கள்.

“ஏம்மா, இதுல தண்ணி ஜில்லுனு இருக்குமா?”

“ஃபிரிட்ஜ் மாதிரி பல்லு கூசாதும்மா. ராத்திரி ரொப்பி வச்சீங்கன்னா காலைல தொண்டைக்கு இதமா இருக்கும். ஜன்னலோரமா வைக்கணும், அது முக்கியம். அடுப்பங்கரை மூலையில வச்சா ஆறவே ஆறாது.”

அட்டையில் இருக்க வேண்டியது அத்தனையும் இந்தப் பேச்சில் இருக்கிறது. எவ்வளவு குளிரும் என்பதற்கு ஓர் அளவு, எவ்வளவு நேரம் ஆகும், எங்கே வைக்க வேண்டும், எங்கே வைத்தால் கெட்டுப்போகும். நல்ல விளம்பரம் எழுத விரும்புபவர் முதலில் தன் கடையில் நன்றாக விற்பவர் வாயைக் கவனிக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். இனி அந்தப் பேச்சுக்கு எண் சேர்ப்போம்.

ஒரு நாள் ஒதுக்கி, விற்கும் பானையையும் அதே அளவு எவர்சில்வர் குடத்தையும் கடை நிழலில் அருகருகே வையுங்கள். பானையை முந்தின நாளே ஊறப்போட்டு எடுத்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே தொட்டித் தண்ணீரைக் காலை 6 மணிக்கு நிரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். குடத்துத் தண்ணீர் வெயில் ஏற ஏறக் காற்றின் சூட்டை நோக்கிப் போகும். பானைத் தண்ணீர் முதல் சில மணி நேரம் இறங்கி, பிறகு மிக மெதுவாக ஏறும். பிற்பகல் 2 மணிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் விளம்பரத்தில் எழுத வேண்டிய எண். இன்னொருவர் புத்தகத்தில் படித்த எண்ணை எழுதாதீர்கள், என்னுடைய இந்தப் புத்தகத்தில் உள்ளதையும் எழுதாதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் பானையில் வந்த எண்ணை, தேதியோடு எழுதுங்கள். மறுநாள் காலை பானையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் அளந்து வையுங்கள். ‘பானை ஒழுகுது’ என்று வருபவருக்குக் காட்ட அது உதவும்.

சோதனை முடிந்தபின் அட்டை இப்படி மாறும். கோடிட்ட இடத்தில் உங்கள் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்:

> இரவில் நிரப்புங்கள், காலையில் குடியுங்கள்.
> எங்கள் கடை நிழலில் மே மாதம் பகல் 2 மணிக்கு அளந்தோம்: எவர்சில்வர் குடத்தில் ___ டிகிரி, இந்தப் பானையில் ___ டிகிரி.
> காற்று வரும் இடத்தில், வெயில் படாமல் வைக்க வேண்டும். வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் பானை வேலை செய்கிறது என்று அர்த்தம்.
> ஐஸ் தண்ணீர் போல இருக்காது. பெரியவர்கள் ஐஸ் இல்லாத தண்ணீர் கேட்டால் இது பொருந்தும்.

‘வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால்’ என்ற வரியைக் கட்டாயம் வையுங்கள். புதிதாக வாங்கியவர்களில் பலர் பானை நனைந்திருப்பதைப் பார்த்து, ஓட்டைப் பானை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். வியர்க்கும் பானை வயிறு முழுவதும் சீராக நனைந்திருக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். ஒழுகும் பானையில் ஓர் இடத்தில் மட்டும் துளி கூடிச் சொட்டும். பெரும்பாலும் அது குழாய் பொருத்திய இடம். அங்கே வாஷரை மாற்றினாலே நின்றுவிடும்.

அட்டையின் பின்பக்கம் பயன்படுத்தும் முறைக்கு. முதலில் ஒரு பகலும் இரவும் பானையைத் தண்ணீரில் முழுக வைக்க வேண்டும். பிறகு தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, முதல் இரண்டு நிரப்புத் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்ற வேண்டும், மண்வாடை அதோடு குறையும். சோப்போ பாத்திரம் தேய்க்கும் பொடியோ கூடாது. துளைகள் அதை இழுத்து வைத்துக்கொண்டு பல நாள் தண்ணீரில் விடும். அடியில் பிரிமணை, அல்லது தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி அதன் மேல் பானை. மணலை நனைத்து வைத்தால் அதிலிருந்தும் ஆவி போகும். ஆனால் தாம்பாளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். மூடி எப்போதும் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை பானையை முழுதும் காலி செய்து தேய்த்துக் காயவைக்க வேண்டும். குழாய் இல்லாத பானையானால் நீளக் காம்புள்ள அகப்பையோடு சேர்த்து விற்பது நல்லது. டம்ளரோடு கையும் தண்ணீருக்குள் போகும் பழக்கத்தால்தான் பானைத் தண்ணீர் கெடுகிறது.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோரக் கடைகளுக்கு இதே அட்டையில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்:

> நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஜன்னல் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். புழுக்கமான நாளில் குளிர்ச்சி குறையும்.

இப்படி எழுதினால் விற்பனை குறையாதா என்று கேட்பார்கள். சிலர் வாங்காமல் போவார்கள்தான். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவர மாட்டார். மண்பானையில் திருப்பி வரும் சரக்கு பெரும்பாலும் மறுபடி விற்க முடியாத சரக்கு என்பதால், இந்தக் கணக்கு உங்களுக்கே சாதகம்.

வெட்டிவேர் பற்றி ஒரு வார்த்தை. பானையோடு வெட்டிவேர்க் கட்டு கொடுக்கும் வழக்கம் நல்லது, கொடுங்கள். அது மணம் தரும், குளிர்ச்சி தராது. அட்டையில் மணத்தை மட்டும் எழுதுங்கள். ஜன்னலில் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி வேறு. அதைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருந்தால் உள்ளே வரும் காற்றே குளிரும். ஆனால் அதுவும் உள்நாட்டு வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும்.

துணிக்கு எழுதும்போது

‘நூறு சதவீதம் காட்டன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் விளம்பரம் பாதி வேலையைத்தான் செய்கிறது. பருத்தியில் நெய்த கனத்த படுக்கை விரிப்பும் நூறு சதவீதம் காட்டன்தான். கோடைக்கு முக்கியம் நூலின் நம்பர், நெசவின் நெருக்கம், உடுப்பின் தளர்ச்சி. நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 80, 100 நம்பர் நூலில் இடைவெளி விட்டு நெய்த சேலை, 40 நம்பரில் இறுக்கி நெய்ததைவிட வெகு லேசாக இருக்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கி உழைக்கும், நிறம் நிற்கும், ஆனால் அதன் கட்டு கனமானது. சித்திரை வெயிலில் மிக லேசான சேலை கேட்டு வருபவருக்கு அதை முதலில் எடுத்துப் போடாதீர்கள். மல்மல், வாயில் வகைகளைக் காட்டுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவின் இடைவெளி தெரியும். வாடிக்கையாளர் கையாலேயே அப்படிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நெருக்கம் குறைந்தால் காற்று புகும், அதோடு வெயிலும் புகும். வயலிலும் கட்டட வேலையிலும் வெயிலில் நிற்பவருக்கு மல்மல் சட்டை சரியல்ல. வெயில் துணியைத் தாண்டித் தோலைச் சுடும். அவருக்கு நடுத்தரக் கனத்தில், வெளிர் நிறத்தில், தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை வேண்டும். இதை அட்டையிலேயே பிரித்து எழுதிவிடலாம்: ‘நிழலில் இருப்பவருக்கு’, ‘வெயிலில் வேலை செய்பவருக்கு’. இந்த இரண்டு தலைப்பில் அலமாரியைப் பிரித்தாலே பாதி விளக்கம் முடிந்துவிடும்.

பருத்தியின் குறையையும் சொல்லியாக வேண்டும். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரம் பருத்தியில் இருக்கும், பாலியஸ்டரில் அரை சதவீதம்கூட இராது. வேலூர் மாதிரி வறண்ட ஊரில் இழுத்த வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும். கடலோரத்தில் சட்டை நனைந்து கனத்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் காற்று போகாது. அங்கே ‘வியர்வையை உறிஞ்சும்’ என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். உடம்பை ஒட்டாத தையல், ஒரு நாளைக்கு இரண்டு மாற்று என்பதை முன்னால் வையுங்கள். ஒரு சட்டை விற்கும் இடத்தில் இரண்டு விற்பதற்கு இது உண்மையான காரணம்.

கஞ்சி போடுவது பற்றி வாடிக்கையாளர்கள் நிறையக் கேட்பார்கள். லேசான கஞ்சி சேலையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி நிறுத்தும், இடையில் காற்று நகரும். அது நல்லது. மொடமொடவென்று விறைக்கும் அளவுக்குப் போட்டால் நெசவின் இடைவெளியைக் கஞ்சி அடைத்துவிடும், துணி வியர்வையை இழுக்கவும் தாமதமாகும். ‘கோடையில் கஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள்’ என்று எழுதலாம்.

இந்த அலமாரியில் எனக்கு மிகப் பிடித்த சரக்கு ஈரிழைத் துண்டு. மெல்லியது, தண்ணீரைச் சட்டென்று இழுக்கும், கொடியில் போட்டால் சீக்கிரம் காயும். நனைத்துப் பிழிந்து கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொண்டால், பானை தண்ணீருக்குச் செய்வதை இது உடம்புக்குச் செய்கிறது. பானை வாங்கியவருக்கு இதை விற்க ஒரே வரி போதும்:

> பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கழுத்தில் போடுங்கள். காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். வறண்ட வெயிலில் நன்றாகத் தெரியும், புழுக்கத்தில் குறைவாகத் தெரியும்.

சுருக்கத்தையும் சாயத்தையும் மறைக்காதீர்கள். இறுக்கமில்லாத பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்து விற்கும் சட்டையானால், நீங்களே ஒன்றைத் துவைத்து, முன்னும் பின்னும் அளந்து, எத்தனை அங்குலம் போகும் என்று அளவுச் சீட்டில் போடுங்கள். ‘உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும்’ என்று வீட்டில் சொல்வதை அட்டையில் ஏற்றாதீர்கள். சாயம் சரியாக ஏறாத துணியை உப்பு காப்பாற்றாது. முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

எழுதக் கூடாதவை

மண்பானை தண்ணீரைச் சுத்தப்படுத்தும் என்று எழுதாதீர்கள். தண்ணீர் வடிகட்டுவதற்கென்றே செய்த மண் வடிகட்டிகள் வேறு. சாதாரணப் பானையில் ஊற்றும் தண்ணீர் சுவரைக் கடந்து வந்து நம் டம்ளரில் விழுவதில்லை. ஊற்றிய தண்ணீரையே மொண்டு குடிக்கிறோம். கிருமி இருந்தால் அப்படியே இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ சுத்திகரித்த தண்ணீரையோ ஊற்றச் சொல்லி எழுதுங்கள்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல் என்று எந்த நோயின் பெயரும் உங்கள் அட்டையில் வரக் கூடாது. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. சிறு கடையின் அட்டையும் வாட்ஸ்அப் படமும் விளம்பரம்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று. ‘வெப்ப அலையிலிருந்து பாதுகாப்பு’ என்று எழுதாதீர்கள். கடும் வெயிலில் ஒருவருக்குப் பேச்சுக் குழறி, உடம்பு கொதித்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. பானையும் பருத்தியும் அவரைக் காப்பாற்றும் என்று வீட்டார் காத்திருந்தால் உயிர் போகும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கோடை அட்டையின் அடியில் இந்த ஒரு வரிக்கு இடம் விடுங்கள்.

‘குளிரவே இல்லை’ என்று வருபவர்

ஒரு மாதம் கழித்து வருவார். சண்டைக்கு வந்தவர் போல இருந்தாலும், பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பானையை எங்கே வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்குள், அலமாரித் தட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் என்றால் இடத்தை மாற்றினால் போதும். அடுத்து, எப்போது நிரப்புகிறார் என்று கேளுங்கள். பகல் 12 மணிக்கு மாடித் தொட்டியின் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, 1 மணிக்குக் குடித்தால் குளிர நேரமே இல்லை. குடும்பம் பெரியதானால் இரண்டு பானை வேண்டும், ஒன்று குளிரும்போது இன்னொன்றிலிருந்து குடிக்கலாம்.

பானை வெளியே நனைகிறதா என்பது அடுத்த கேள்வி. முன்பு நனைந்து இப்போது உலர்ந்திருந்தால் துளை அடைத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது ஒரே கோடையில் நடந்துவிடும். வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதே அடையாளம். புளிக்கரைசலைத் தடவி, தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டால் ஓரளவு மீளும். பழையபடி முழுதாக வராது. அதனால் அட்டையில் ‘ஒரு கோடைக்கு முழுப் பலன், அடுத்த கோடையில் குறையும்’ என்று எழுதி, விற்ற மாதத்தையும் பானையின் அடியில் கரிக்கோலால் குறித்துக் கொடுங்கள். உப்புத் தண்ணீர்ப் பகுதியில் கடை வைத்திருப்பவர், பழைய பானையைக் கொண்டுவந்தால் புதியதில் கொஞ்சம் தள்ளுபடி என்று எழுதலாம். திரும்பி வந்த பானைகளில் விரிசல் இல்லாதவற்றை அரிசி, புளி, உப்பு போட்டு வைக்கும் பானை என்று வேறு அட்டை எழுதி விற்றுவிடலாம். அதற்குத் துளை அடைத்திருப்பது ஒரு குறையே அல்ல.